“போயிருக்கிறார்” என்றால் எங்கே இருக்கிறார்? சீன மொழியின் லெ, குவோ, ஜெ

“அண்ணன் சீனாவுக்குப் போயிருக்கிறார்.” இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அவர் இப்போது சீனாவில் இருக்கிறாரா, அல்லது எப்போதோ போய்விட்டு வந்தவரா? தமிழில் இரண்டு பொருளும் உண்டு. சுற்றியிருக்கும் பேச்சை வைத்துப் புரிந்துகொள்கிறோம். மாண்டரின் சீனத்தில் இந்த வசதி கிடையாது. வாயைத் திறக்கும் முன்பே எது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

他去中国了。 தா ச்சூ ஜோங்குவோ லெ. போய்விட்டார், இப்போது இங்கே இல்லை.

他去过中国。 தா ச்சூ குவோ ஜோங்குவோ. போன அனுபவம் உண்டு, திரும்பி வந்துவிட்டார்.

இந்த முடிவைச் சொல்லும் வேலையைத்தான் 了 (லெ), 过 (குவோ), 着 (ஜெ) என்ற மூன்று இடைச்சொற்கள் செய்கின்றன. மூன்றும் வினைச்சொல்லுக்குப் பின்னால், தொனி இல்லாமல், லேசாக ஒலிக்கும். ‘லெ’, ‘ஜெ’ என்று நான் எழுதினாலும் அந்த எகரம் நம் எகரம் அல்ல. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் சோம்பேறித்தனமாக வரும் ஓர் ஒலி. மேலே உள்ள இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு ‘குவோ’ வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாட்டைக் குறிக்கும் 国 வேறு எழுத்து, வேறு தொனி. கைப்பேசியில் `le`, `guo`, `zhe` என்று தட்டினால் இந்த எழுத்துகள் கிடைக்கும். `zhe` தட்டும்போது மட்டும் ‘இது’ என்று பொருள்படும் 这 முந்திக்கொண்டு வரலாம், பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

## முதலில் மறக்க வேண்டியது: இறந்தகாலம்

சீன வினைச்சொல் காலம் காட்டாது. நேற்று, நாளை போன்ற சொற்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. நம்மவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். ‘வாங்கினேன்’, ‘குளிராக இருந்தது’, ‘விளையாடுவேன்’ என்று எதை மொழிபெயர்த்தாலும், நடந்து முடிந்த கதை என்றால் உடனே ஒரு 了 ஒட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் நாட்குறிப்புப் பயிற்சியில் ஒரு பக்கத்துக்கு 14 லெ எழுதியிருந்தேன். ஆசிரியர் 9 லெக்களை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடிபட்டவற்றில் பெரும்பாலானவை மூன்று வகை. ஒன்று, நிலையைச் சொல்பவை. ‘நேற்று ரொம்பக் குளிர்’ என்பது 昨天很冷 (ஸுவோதியன் ஹென் லெங்), அவ்வளவுதான், லெ வராது. இரண்டாவது, வழக்கத்தைச் சொல்பவை. ‘சின்ன வயதில் அடிக்கடி நீந்துவேன்’ என்பது 小时候我常常游泳 (ஷியாவ்ஷிஹோ வோ சாங்சாங் யோயோங்). எப்போதும் நடப்பதற்கு முடிவு என்று ஒன்று இல்லை, ஆகவே லெயும் இல்லை. மூன்றாவது, ‘அவன் வரமாட்டேன் என்று சொன்னான்’ போல இன்னொருவர் பேச்சை எடுத்துச் சொல்வது. 他说他不来 (தா ஷுவோ தா பு லாய்). சொன்னது நேற்றாக இருந்தாலும், பின்னால் பேச்சு வரும்போது 说 வெறுமனே நிற்கும்.

## லெ: ‘சாப்பிட்டுவிட்டு’

அப்படியானால் லெ எதைக் காட்டுகிறது? ஒரு செயல் முழுசாக நடந்து, எல்லை கட்டப்பட்டுவிட்டது என்பதைக் காட்டுகிறது. அந்த எல்லை நேற்றும் இருக்கலாம், நாளையும் இருக்கலாம். தமிழருக்கு இது உண்மையில் எளிது, ஏனென்றால் ‘விட்டு’ நம்மிடம் இருக்கிறது. “நாளைக்குச் சாப்பிட்டுவிட்டு உன்னைத் தேடி வருகிறேன்” என்கிறோம். சாப்பாடு நாளைக்குத்தான், ஆனாலும் வருவதற்கு முன் அது முடிந்திருக்கும். சீனத்தில் அப்படியே:

明天我吃了饭就去找你。 மிங்தியன் வோ ச்சி லெ ஃபான் ஜியூ ச்சூ ஜாவ் நி.

இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் ‘லெ என்றால் இறந்தகாலம்’ என்ற எண்ணம் தானாக விலகிவிடும்.

வினைக்கு உடனே பின்னால் வரும் லெவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த எல்லை எங்கே என்று அது கேட்கும். 我买了三本书 (வோ மாய் லெ ஸான் பென் ஷூ), ‘3 புத்தகம் வாங்கினேன்’ என்பது முழு வாக்கியம், எண் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஆனால் 我吃了饭 (வோ ச்சி லெ ஃபான்) என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். எதிரே இருப்பவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். “நான் சாப்பிட்டுவிட்டு...” என்று நிறுத்தினால் நாம் எப்படிக் காத்திருப்போமோ அப்படி. எனக்கு இது நடந்திருக்கிறது. மதிய உணவுக்குக் கூப்பிட்டவரிடம் இதைச் சொல்லிவிட்டு நான் புன்னகைக்க, அவர் “சரி, அப்புறம்?” என்றார்.

நான் சொல்ல நினைத்ததற்கு லெயை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளியிருக்க வேண்டும்: 我吃饭了 (வோ ச்சி ஃபான் லெ). இந்தக் கடைசி லெ கொஞ்சம் வேறு ஆள். செயலின் எல்லையைவிட, ‘நிலைமை மாறிவிட்டது, இப்போது இப்படி’ என்று அறிவிப்பது இதன் வேலை. 下雨了 (ஷியா யூ லெ), மழை வந்துவிட்டது. சன்னலைத் திறந்து முதல் துளியைப் பார்க்கும்போது சொல்வது இது. மழை முடிந்தது என்று பொருள் இல்லை. 我二十岁了 (வோ அர்ஷி ஸுய் லெ), எனக்கு 20 வயதாகிவிட்டது. 我不喝了 (வோ பு ஹெ லெ), இனி குடிக்கமாட்டேன், போதும். தமிழில் ‘ஆகிவிட்டது’, ‘வந்துவிட்டது’, ‘இனி இல்லை’ என்று எங்கெல்லாம் இயல்பாக வருகிறதோ அங்கெல்லாம் இந்த லெயைத் தேடுங்கள்.

இரண்டு லெயும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால் வேறுபாடு நன்றாகப் படியும். 我学了三年中文 (வோ ஷுயே லெ ஸான் நியன் ஜோங்வென்) என்றால் 3 வருஷம் சீனம் படித்தேன். இப்போதும் படிக்கிறேனா என்று வாக்கியம் சொல்லவில்லை. கடைசியில் இன்னொரு 了 சேர்த்து 我学了三年中文了 என்றால், இன்றைய தேதிக்கு 3 வருஷம் ஆகிவிட்டது, பொதுவாக இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். முன் லெ 3 வருஷத்தைக் கட்டி வைக்கிறது, பின் லெ அதை இன்றோடு இணைக்கிறது.

‘விடு’வோடு ஒப்பிட்டேன் என்பதற்காக எல்லா இடத்திலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ‘உடைத்துவிட்டான்’ என்பதில் நமக்கு ஒரு வருத்தமோ கோபமோ தொனிக்கும். லெவில் அந்த உணர்ச்சி இல்லை. ‘3 புத்தகம் வாங்கினேன்’ என்பதில் விடு இல்லை, லெ உண்டு.

## குவோ: வந்து போன அனுபவம்

过 வினைச்சொல்லாக வந்தால் ‘கடந்து போ’ என்று பொருள். இடைச்சொல்லான பிறகும் அந்த வாசனை போகவில்லை. ஒரு செயலுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தாகிவிட்டது என்பதே குவோ. தமிழில் இதற்கு ‘சாப்பிட்டிருக்கிறேன்’, ‘பார்த்திருக்கிறேன்’ என்ற வடிவம் இருக்கிறது. 你吃过火锅吗? (நி ச்சி குவோ ஹுவோகுவோ மா?) என்றால் ‘ஹாட்பாட் சாப்பிட்டிருக்கிறீர்களா?’ எப்போது என்பது கேள்வியே இல்லை, ஒரு தடவையாவது நடந்ததா என்பதுதான் கேள்வி. 我去过两次北京 (வோ ச்சூ குவோ லியாங் ஸ பெய்ஜிங்), பெய்ஜிங்குக்கு 2 தடவை போயிருக்கிறேன்.

இங்கே தமிழ் தரும் உண்மையான பரிசு எதிர்மறையில் இருக்கிறது. ‘சாப்பிடவில்லை’ வேறு, ‘சாப்பிட்டதில்லை’ வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனத்தில் 没吃 (மெய் ச்சி), 没吃过 (மெய் ச்சி குவோ) இரண்டுக்கும் அதே வேறுபாடு. ‘சாப்பிடவில்லை’ என்பதில் 没 வந்ததும் லெ விழுந்துவிடுகிறது. ‘சாப்பிட்டதில்லை’ என்பதில் குவோ அப்படியே நிற்கிறது. 没吃了 என்று லெயையும் வைத்து ‘சாப்பிடவில்லை’ என்று சொல்வது தொடக்கக்காரரை ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கும் தவறு. (我三天没吃饭了, ‘சாப்பிட்டு 3 நாளாகிவிட்டது’ என்பது சரிதான். அங்கே வருவது நிலைமையைச் சொல்லும் கடைசி லெ.)

குவோவுக்குள் ‘இப்போது அப்படி இல்லை’ என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. கை உடைந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவர் 我的手断了 (வோ த ஷோ துவான் லெ) என்பார். 10 வருஷத்துக்கு முன் உடைந்து, கூடிவிட்ட கையைப் பற்றிப் பேசுபவர் 断过 (துவான் குவோ) என்பார். 我也年轻过 (வோ யே நியன்ச்சிங் குவோ), ‘நானும் ஒரு காலத்தில் இளைஞனாக இருந்தவன்தான்’ என்று ஒருவர் சொன்னால், இப்போது இல்லை என்பது அதிலேயே வந்துவிடுகிறது. வெளியே வரமுடியாத, திரும்ப நடக்காத செயலோடு குவோ ஒட்டாது என்பதற்கும் இதுவே காரணம். 死过 (ஸ குவோ), ‘செத்திருக்கிறேன்’ என்பது வேடிக்கைக்கோ, சாவின் வாசலைத் தொட்டு வந்த கதைக்கோதான் சரிப்படும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, முதல் வாரமே காதில் விழும். 吃过了 (ச்சி குவோ லெ) என்று ஒருவர் சொன்னால், அவர் வாழ்க்கையில் சாப்பிட்ட அனுபவம் உள்ளவர் என்று சொல்லவில்லை, ‘சாப்பிட்டாச்சு’ என்கிறார். அன்றாடம் நடக்கவேண்டிய காரியம் முடிந்தது என்று சொல்லவும் குவோ வரும், கூடவே பெரும்பாலும் ஒரு லெ இருக்கும். ‘சாப்பிட்டாச்சா?’ என்று நாம் நலம் விசாரிப்பது போல 吃了吗? (ச்சி லெ மா?) என்று கேட்கும் பழக்கம் அங்கேயும் உண்டு, அதற்கு 吃过了 பொருத்தமான பதில்.

## ஜெ: அப்படியே இருப்பது

着 செயலைச் சொல்வதைவிட, செயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் நிலையைச் சொல்கிறது. 门开着 (மென் காய் ஜெ), கதவு திறந்திருக்கிறது. யார் திறந்தார், எப்போது என்பது தேவையில்லை. 灯亮着 (தெங் லியாங் ஜெ), விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. 墙上挂着一张画 (ச்சியாங்ஷாங் குவா ஜெ யீ ஜாங் ஹுவா), சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கவனித்தீர்களா, இங்கேயும் நாம் ‘இருக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். ‘போயிருக்கிறார்’, ‘சாப்பிட்டிருக்கிறேன்’, ‘திறந்திருக்கிறது’ என்று ஒரே ‘இரு’ மூன்று வேலையும் பார்க்கிறது. அதனால்தான் நமக்கு இந்த மூன்றும் கலங்குகின்றன.

‘கொண்டிரு’விலும் இதே சிக்கல். “அவன் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறான்” என்றால் கையை நுழைத்துப் பொத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறானா, ஏற்கெனவே போட்டபடி நிற்கிறானா? சீனத்தில் முதலாவது 他在穿衣服 (தா ஸாய் ச்சுவான் யீஃபு). வினைக்கு முன்னால் 在, ஜெ இல்லை. இரண்டாவது 他穿着衣服 (தா ச்சுவான் ஜெ யீஃபு). கூட்டத்தில் ஒருவரை அடையாளம் சொல்லும்போது, ‘சிவப்புச் சட்டை போட்டிருப்பவர்’ என்பதற்கு 在 போட்டுவிட்டால், அவர் அங்கேயே நின்று உடை மாற்றுகிறார் என்று ஆகிவிடும். அசைவு நடந்துகொண்டிருந்தால் 在, அசைவு முடிந்து நிலை நின்றால் 着 என்று தொடங்குங்கள். மழை போன்ற சிலவற்றுக்கு இரண்டும் வரும்: 外面在下雨, 外面下着雨 இரண்டும் ‘வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது’தான். பின்னது கொஞ்சம் காட்சி வர்ணனை போலக் கேட்கும்.

ஜெயின் இன்னொரு வேலை நமக்குக் கைவந்த ஒன்று. ‘நின்றுகொண்டு சாப்பிடு’ என்பது 站着吃 (ஜான் ஜெ ச்சி). ‘நடந்தே போகலாம்’ என்பது 走着去 (ஸோ ஜெ ச்சூ). முதல் வினை எந்தக் கோலத்தில் என்று சொல்ல, இரண்டாவது வினை காரியத்தைச் சொல்கிறது.

வழுக்கும் இடங்கள் இரண்டு. கால அளவு வந்துவிட்டால் ஜெ கூடாது. ‘3 மணிநேரம் உட்கார்ந்துகொண்டிருந்தேன்’ என்று தமிழில் சொல்வதால் 坐着三个小时 என்று எழுதத் தோன்றும், தவறு. 3 மணிநேரம் என்றதுமே எல்லை வந்துவிட்டது, ஆகவே 我坐了三个小时 (வோ ஸுவோ லெ ஸான் க ஷியாவ்ஷி). அடுத்தது எழுத்தைப் படிப்பதில். 睡着了 என்பதில் 着க்கு ஜெ என்ற ஒலி இல்லை, இரண்டாம் தொனியில் ‘ஜாவ்’ என்று படிக்க வேண்டும். ‘தூங்கிப்போனான்’ என்று பொருள். 着 எழுத்துக்கு உடனே பின்னால் 了 இருந்தால் பெரும்பாலும் ஜாவ்தானா என்று ஒரு தரம் சந்தேகப்படுங்கள்.

## ஒரு பத்தியை எழுதிப் பார்ப்போம்

இந்தத் தமிழ்ப் பத்தியை எடுத்துக்கொள்வோம். “நேற்று பழம் வாங்கச் சந்தைக்குப் போனேன். பழக்கடைக் கதவு திறந்திருந்தது, கடைக்காரர் நின்றுகொண்டு தேநீர் குடித்தார். ‘டூரியன் சாப்பிட்டிருக்கிறீர்களா?’ என்று கேட்டார். ‘சாப்பிட்டதில்லை’ என்றேன். ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து 2 வாய் சாப்பிட்டேன், அதற்கு மேல் சாப்பிடத் தோன்றவில்லை. மிச்சம் இன்னும் குளிர்பெட்டியில் கிடக்கிறது.”

முதல் வாக்கியம்: 昨天我去市场买水果。 (ஸுவோதியன் வோ ச்சூ ஷிச்சாங் மாய் ஷுய்குவோ.) இது காட்சியைத் தொடங்கி வைக்கிறது, போன நோக்கத்தை மட்டும் சொல்கிறோம், லெ தேவையில்லை. வாங்கி முடித்ததைச் சொல்வதானால் 去市场买了一些水果 என்று, லெ ‘போ’வில் ஒட்டாமல் ‘வாங்கு’வில் ஒட்டும். 去க்குப் பின் இன்னொரு வினை வரும்போது லெ முன்னதில் ஒட்டுவது நம் வழக்கமான பிழை.

அடுத்தது 水果店的门开着，老板站着喝茶。 (ஷுய்குவோ தியன் த மென் காய் ஜெ, லாவ்பான் ஜான் ஜெ ஹெ ச்சா.) கதவின் நிலை, நிற்கும் கோலம், இரண்டும் ஜெ. ‘திறந்திருந்தது’ என்ற இறந்தகாலத்தைப் பார்த்து 门开了 என்று எழுதினால் ‘கதவு திறந்துகொண்டது’ என்று ஆகிவிடும், நாம் வாசலில் நின்று அது திறப்பதைப் பார்த்தது போல.

他问我：“你吃过榴莲吗？”我说：“没吃过。” (தா வென் வோ: நி ச்சி குவோ லியூலியன் மா? வோ ஷுவோ: மெய் ச்சி குவோ.) கேட்டார், சொன்னேன் இரண்டுக்கும் பின்னால் பேச்சு வருகிறது, லெ இல்லை. நடுவில் இருப்பது அனுபவம், குவோ.

我买了一个。 (வோ மாய் லெ யீ க.) ‘ஒன்று’ என்ற எல்லை இருக்கிறது, வினைக்குப் பின் லெ.

回家以后吃了两口，就不想吃了。 (ஹுய்ஜியா யீஹோ ச்சி லெ லியாங் கோ, ஜியூ பு ஷியாங் ச்சி லெ.) முதல் லெ 2 வாயைக் கட்டுகிறது. கடைசி லெ மனம் மாறியதைச் சொல்கிறது. ‘தோன்றவில்லை’ என்பதைப் பார்த்து 没想吃 என்று போனால், ஆரம்பத்திலேயே சாப்பிடும் எண்ணம் இருந்ததில்லை என்கிற பக்கம் பொருள் சாய்ந்துவிடும். இதுவரை இருந்த ஆசை நின்றுபோனதைக் காட்ட 不வும் கடைசி லெயும் சேர வேண்டும்.

கடைசியாக 剩下的还在冰箱里放着呢。 (ஷெங்ஷியா த ஹாய் ஸாய் பிங்ஷியாங் லி ஃபாங் ஜெ ந.) இங்கே வரும் 在 ‘குளிர்பெட்டியில்’ என்ற இடத்தைக் காட்டுவது, சட்டை மாட்டும் 在 அல்ல. வைத்தது வைத்தபடி இருக்கிறது என்பதால் ஜெ. யாராவது எடுத்துத் தின்று தீர்த்துவிட்டால் அன்றைக்கு 吃完了 (ச்சி வான் லெ) என்று மாற்றிக்கொள்ளலாம்.